பெரம்பலூரும் அரியலூரும் இரட்டையர் அல்ல

மாவட்டங்களை ஒப்பிட்டு ஆய்வு செய்யப் புறப்படும் மாணவருக்குத் திருச்சி வட்டாரத்தில் எளிதாகக் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: பெரம்பலூரையும் அரியலூரையும் எடுத்துக்கொள். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை. 1995 செப்டம்பர் 30 வரை இரண்டும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. அன்றைக்குப் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அதிலிருந்து 2001 ஜனவரி 1இல் அரியலூர் பிரிந்தது, 2002 மார்ச்சில் மறுபடி ஒட்டப்பட்டது, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. ஒரே மொழி, ஒரே மழை, ஏறக்குறைய ஒரே சாதிக் கலவை, நேற்றுவரை ஒரே கலெக்டர். இவ்வளவு ஒத்துப்போகும் இரண்டு இடங்களில் ஒன்று மட்டும் மாறுபட்டால், அந்த மாறுபாட்டுக்குக் காரணம் மிச்சமிருக்கும் சில வேற்றுமைகளில்தானே ஒளிந்திருக்க வேண்டும்? இதுதான் வாதம். ஒப்பீட்டு ஆய்வின் மொழியில் இதற்கு மிக ஒத்த அமைப்புகளின் வடிவமைப்பு என்று பெயர்.

கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் இந்த ஜோடியை வைத்துக்கொண்டு ஒரு நிஜமான கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் கச்சிதம் கலைந்துவிடும்.

அந்தக் கேள்வியை மக்கள்தொகைக் கணக்கெடுப்பே எழுப்பியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி அரியலூர் மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1015 பெண்கள். பெரம்பலூரில் 1003. இரண்டுமே தமிழ்நாட்டின் சராசரியான 996ஐத் தாண்டியவை. இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர், பெண்ணுக்கு நல்ல ஊர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். ஆறு வயது வரையிலான குழந்தைகளை மட்டும் தனியாகப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு அரியலூரில் 897 பெண் குழந்தைகள், பெரம்பலூரில் 913. மாநிலச் சராசரி 943. கடலூரின் 896ஐ விட்டால் தமிழ்நாட்டிலேயே மிகத் தாழ்ந்த எண் அரியலூருடையது. பெரியவர்களின் கணக்கில் பெண்கள் கூடுதலாகத் தெரிவதற்கு, ஆண்கள் வேலை தேடி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போயிருப்பதும் பெண்கள் கூடுதல் காலம் வாழ்வதும் காரணமாக இருக்கலாம். குழந்தைகளுக்கு அந்தச் சமாதானம் எதுவும் பொருந்தாது. மூன்று வயதுப் பையன் திருப்பூருக்குப் போய்ச் சம்பாதிப்பதில்லை.

இந்தச் சரிவுக்குக் காரணம் என்ன? ஒத்த ஜோடி முறையை நம்புபவர் உடனே கணக்குப் போடுவார். அரியலூர் 897, பெரம்பலூர் 913. பதினாறு புள்ளி இடைவெளி. மற்றதெல்லாம் ஒன்று என்பதால், இந்தப் பதினாறுக்கு எது காரணம் என்று தேட வேண்டியதுதான் பாக்கி. அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன, பெரம்பலூரில் இல்லை. அரியலூரில் ரயில் நிற்கிறது, பெரம்பலூர் நகரத்துக்கு ரயிலே கிடையாது. பெரம்பலூரில் பட்டியல் சாதியினரின் விகிதம் கூடுதல். மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆய்வேட்டை எழுதி முடித்துவிடலாம்.

முதல் சிக்கல் அந்தப் பதினாறிலேயே இருக்கிறது. பிறப்பது ஆணா பெண்ணா என்பதை யாரும் தடுக்காவிட்டால், அது காசு சுண்டுவதற்கு மிக அருகில் வரும் விஷயம். நூறு பெண்ணுக்கு ஏறத்தாழ 105 ஆண் என்று இயற்கை கொஞ்சம் சாய்த்து வைத்திருக்கிறது, அவ்வளவே. சுண்டுகிற காசு எவ்வளவு குறைவோ அவ்வளவு ஆட்டம் இருக்கும். அரியலூரின் மொத்த மக்கள்தொகை 2011இல் ஏழரை லட்சம், பெரம்பலூருடையது ஐந்தரை லட்சத்தைச் சற்றே தாண்டியது. ஆறு வயது வரையிலான குழந்தைகள் அதில் பத்தில் ஒரு பங்கு அளவு. எனவே அரியலூரில் எழுபத்தைந்து, எண்பதாயிரம் குழந்தைகள், பெரம்பலூரில் ஐம்பத்தைந்து, அறுபதாயிரம். இந்த அளவுக் கூட்டத்தில், யாரும் எதுவும் செய்யாமலேயே, குழந்தைப் பால் விகிதம் அரியலூரில் பதின்மூன்று புள்ளியும் பெரம்பலூரில் பதினைந்து புள்ளியும் மேலும் கீழும் ஆடலாம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு வெறும் தற்செயலாலேயே இருபது வரை போகலாம். பதினாறு அதற்குள் அடங்கிவிடுகிறது. கணக்கெடுப்பு ஒவ்வொரு தலையையும் எண்ணியதுதானே, இதில் தற்செயல் எங்கே வந்தது என்று சிலர் கேட்பார்கள். எண்ணியதில் தற்செயல் இல்லை, பிறந்ததில் இருக்கிறது.

ஆக, விளக்க வேண்டிய வேறுபாடு இருப்பதற்கே உறுதி இல்லை. இல்லாத வேறுபாட்டுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கம்வரை தோண்டிக் காரணம் தேடுவது இந்த முறையின் வழக்கமான விபத்து. உறுதியாகத் தெரிவது வேறொன்று. 2001இல் அரியலூரின் எண் 950ஐ ஒட்டியும் பெரம்பலூரின் எண் 930களிலும் இருந்தன. பத்தே ஆண்டில் இரண்டும் சரிந்திருக்கின்றன. அரியலூரின் சரிவு ஐம்பது புள்ளி. அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. இரண்டிலும் நடந்தது ஒன்றேதான் என்னும்போது, வேற்றுமையிலிருந்து காரணத்தைப் பிரித்தெடுக்கும் வடிவமைப்புக்கு இங்கே வேலையே இல்லை. இரண்டு மாவட்டங்களும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்த்தார்கள், விளைவு வேறுபடுகிறதா என்று பார்க்கவில்லை.

ஒத்திருக்கின்றன என்பதும் எவ்வளவு தூரம் உண்மை? வேப்பந்தட்டை ஒன்றியத்தின் மேற்கு ஓரம் பச்சைமலை அடிவாரம். மானாவாரி நிலம், மக்காச்சோளம், பருத்தி, இன்னொரு பக்கம் செட்டிகுளம் வட்டாரத்தின் சின்ன வெங்காயம். அரியலூர் மாவட்டத்தின் தெற்கு ஓரத்துத் திருமானூர் கொள்ளிடக் கரை. அங்கே நெல் விளையும் நிலம், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் போனால் செம்மண்ணும் முந்திரியும். நடுவே டைனோசர் காலத்துக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல் படுகை, அதைத் தின்று வாழும் ஆலைகள். இந்த இரண்டு மாவட்டங்களையும் ஒரு சொல்லில் ஒத்தவை என்று சொல்ல, கலெக்டர் அலுவலகத்தின் பழைய பெயர்ப்பலகை ஒன்றுதான் ஆதாரம்.

எல்லைக் கோட்டின் கதை இதைவிட முக்கியமானது. ஒத்த ஜோடி முறை வேலை செய்வதற்கு, இரண்டு இடங்களையும் பிரிக்கும் கோடு அங்கே வாழும் மக்களின் குணத்தைப் பார்த்துப் போடப்படாததாக இருக்க வேண்டும். அப்படி அமைந்த ஓர் ஆய்வு உலகில் புகழ்பெற்றது. டேனியல் போஸ்னர் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் சாம்பியா, மலாவி நாடுகளின் எல்லையை ஒட்டிய சிற்றூர்களை எடுத்துக்கொண்டு 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். செவா, தும்புக்கா என்ற இரண்டு இனத்தாரும் எல்லையின் இருபுறமும் வாழ்கிறார்கள். மலாவியில் அவர்கள் ஒருவரையொருவர் அரசியல் எதிரிகளாகப் பார்க்கிறார்கள், சாம்பியாவில் கூட்டாளிகளாகப் பார்க்கிறார்கள். மலாவி சிறிய நாடு, அங்கே இரண்டு இனமும் ஆட்சியைப் பிடிக்கும் அளவுக்குப் பெரியவை. சாம்பியாவில் இரண்டும் சிறியவை, சேர்ந்தால்தான் பேரம் பேச முடியும். எனவே பண்பாட்டு வேற்றுமை தானாகப் பகையாவதில்லை, அரசியல் அரங்கின் அளவு அதை முடிவு செய்கிறது என்பது அவர் வாதம். இந்த வாதம் நிற்பதற்குக் காரணம், அந்த எல்லை 1891இல் வெள்ளைக்காரக் கம்பெனி தன் நிர்வாக வசதிக்காகப் போட்டது. யார் செவா, யார் தும்புக்கா என்று பார்த்துப் போடவில்லை.

அரியலூர் எல்லை அப்படிப்பட்டதா? உடையார்பாளையம் பக்கத்தின் பழைய சமீன் வட்டாரம், ஆலைகள், ரயில் பாதை, கொள்ளிடக் கரை எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்தன. தேசிய நெடுஞ்சாலையும் மானாவாரிக் காடும் மறுபக்கம் போயின. ஏற்கெனவே இருந்த வேற்றுமையை ஒட்டித்தான் கோடு விழுந்தது. அது போதாதென்று, ஒரு ஆட்சி பிரித்ததை அடுத்த ஆட்சி ஒட்டி, அதற்கடுத்தது பிரித்தது. கோடு இன்னமும் முழுதாகச் சமைந்துவிடவில்லை என்பதற்குக் குன்னம் ஒன்றே போதும். குன்னம் வட்டம் பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது. குன்னம் சட்டமன்றத் தொகுதியோ அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அதே தொகுதி மக்களவைத் தேர்தலில் பெரம்பலூருக்கு வாக்களிக்காமல் சிதம்பரத்துக்கு வாக்களிக்கிறது. ஆய்வாளரின் இரண்டு மாதிரிகள் எங்கே பிரிகின்றன என்று கோடு போட்டுக் காட்டச் சொன்னால், எந்த வரைபடத்தைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

இனி எதிர்த்தரப்பின் இரண்டாவது வாதத்துக்கு வருவோம். ஒத்த ஜோடி சரிப்படாவிட்டால் என்ன, வேறுபட்ட ஜோடியை எடுப்போம் என்பார்கள். அரியலூரோடு சேலத்தையும் தருமபுரியையும் சேர்த்துக்கொள். மண் வேறு, சாதிக் கட்டமைப்பு வேறு, தொழில் வேறு. ஆனால் 2011இல் சேலத்தின் எண் 916, தருமபுரியின் எண் 913, பெரம்பலூரும் அச்சாக 913. எல்லாம் வேறாக இருந்தும் விளைவு ஒன்றாக இருந்தால், அவற்றுக்குப் பொதுவான ஏதோ ஒன்றே காரணம். இதற்குப் பெயர் மிக வேறுபட்ட அமைப்புகளின் வடிவமைப்பு என்று வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கப்படுகிறது.

இந்த வாதம் அரசாங்கத்துக்கும் பிடித்துவிட்டது என்பதுதான் வேதனை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க ஜெயலலிதா அரசு 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி என்று அது பரவியது. 2011 கணக்கெடுப்பின் எண்கள் வெளிவந்த ஆண்டில் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. அந்த மாவட்டங்களின் எண்கள் கீழே போயின என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சேலத்தில் விழுந்த எண்ணுக்குத் தொட்டில் மருந்தென்றால், அரியலூரில் விழுந்த எண்ணுக்கும் அதே மருந்து என்ற நினைப்பு இதன் அடியில் கிடக்கிறது.

எண்களைக் காலத்தோடு வைத்துப் பார்த்தால் இந்த நினைப்பு நிற்காது. சேலம் 2001இல் 851ஆக இருந்து 2011இல் 916க்கு ஏறியது. தருமபுரி 826இலிருந்து 913க்கு ஏறியது. அரியலூர் 950ஐ ஒட்டிய இடத்திலிருந்து 897க்கு இறங்கியது. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் படிக்கட்டின் நடுவில் எதிர்ப்படும் நொடியில் எடுத்த புகைப்படம்தான் 2011. அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டு, இருவரும் ஒரே திசையில் போகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். விளைவு ஒன்றாக இருப்பதைப் பார்த்து மாதிரிகளைப் பொறுக்கும்போது, அந்த விளைவுக்கு வந்துசேர்ந்த பாதை கண்ணில் படாமல் போய்விடும்.

பாதை வேறென்றால் காரணமும் வேறாக இருக்கலாம் என்பது வெறும் ஊகம் அல்ல. அதைச் சோதித்துப் பார்க்க முடியும். தொண்ணூறுகளில் தருமபுரி, சேலம் வட்டாரத்தில் நடந்தது என்ன என்று ஓரளவு தெளிவாகத் தெரிவதற்கு ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகள் காரணம். சமூகக் காரணங்கள் என்ற தலைப்பின் கீழ் பெண் குழந்தைகளின் சாவு அவற்றில் பதிவாகியிருந்தது. ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதார அறிஞர் வெ.பா. ஆத்ரேயாவும் அந்தப் பதிவேடுகளைத் தொகுத்து 1997இல் வெளியிட்ட கட்டுரை, மாநிலத்தின் சில வட்டாரங்களில் இந்தச் சாவுகள் குவிந்திருப்பதைக் காட்டியது. அங்கே குழந்தை பிறந்தது, பிறகு செத்தது. பிறப்புப் பதிவேட்டில் ஆண் பெண் விகிதம் இயற்கைக்குப் பக்கத்தில் இருக்கும், முதல் சில நாட்களின் சாவுப் பதிவேட்டில் பெண் பக்கம் மட்டும் வீங்கியிருக்கும். தொட்டில் தடுக்கக்கூடியது இந்த வகையை மட்டுமே.

ஸ்கேன் பார்த்துக் கருவிலேயே கலைப்பது வேறு வகை. அங்கே பிறப்புப் பதிவேடே சாய்ந்திருக்கும், சாவுப் பதிவேட்டில் எதுவும் தெரியாது. இன்னும் நுட்பமான அடையாளம் ஒன்று உண்டு. முதல் பிரசவத்தில் பெரும்பாலும் யாரும் கை வைப்பதில்லை, எனவே அங்கே விகிதம் இயல்பாகவே இருக்கும். முதல் குழந்தை பெண்ணாகப் போன வீட்டில் இரண்டாவது பிரசவத்தில் விகிதம் சரியும். இரண்டும் பெண்ணாகப் போன வீட்டில் மூன்றாவதில் அதல பாதாளத்துக்குப் போகும். முதல் குழந்தை ஆணாக இருந்த வீட்டில் இந்தச் சரிவு இருக்காது. கருவில் கலைப்பதின் கைரேகை இதுதான், இந்தியாவின் வடமாநிலங்களில் பலமுறை கண்டெடுக்கப்பட்டது. அரியலூர் எந்த வகை என்று தெரிந்துகொள்ளக் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேடும் கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் பிக்மி எண்ணும் இருக்கின்றன. எத்தனையாவது பிரசவம், முந்தைய குழந்தை ஆணா பெண்ணா, பிறந்தது என்ன என்ற மூன்றே கேள்வி. இதைக் கேட்காமல் சேலத்தோடு ஜோடி போட்டவர்களுக்கு விடை கிடைக்காததில் வியப்பில்லை. தொட்டில் வைத்த மாவட்டத்தில் குழந்தைகள் தொட்டில்வரை வந்துசேர்வதில்லை என்பதுதான் நிலைமையாக இருந்தால், அந்தத் தொட்டில் காலியாகவே ஆடிக்கொண்டிருக்கும்.

இந்தச் சிக்கலின் அளவையும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. இயற்கையின் கணக்குப்படி ஆயிரம் ஆண் குழந்தைக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் இருக்க வேண்டும். 897 என்றால் ஆயிரத்துக்கு ஐம்பத்துச் சொச்சம் குறைவு. அரியலூரில் ஆண் குழந்தைகள் நாற்பதாயிரம் என்று வைத்தால், ஏழு ஆண்டுப் பிறப்புகளில் இரண்டாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பெண் குழந்தைகளைக் காணோம். ஆண்டுக்கு முந்நூறு. மாவட்டத்தின் ஊராட்சிகள் 201. ஆக, ஓர் ஊராட்சிக்கு ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு. ஊருக்குள் யாருக்கும் தெரியாமல் நடக்கக்கூடிய எண்ணிக்கை இது. ஆழமான கள ஆய்வு என்று சொல்லி இரண்டு கிராமத்தைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் உட்காருபவருக்கு, பார்க்க வந்த சம்பவம் ஒருமுறைகூடக் கண்ணில் படாமல் போகலாம். மாவட்ட அளவில் ஒப்பிட்டால் அது சராசரிக்குள் மறைகிறது, கிராம அளவில் ஒப்பிட்டால் தற்செயலுக்குள் மறைகிறது. எந்த அளவில் அலகைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஒத்ததா வேறுபட்டதா என்ற பட்டிமன்றம் சொல்லித்தராது.

இதில் பெரிய வேடிக்கை, இந்த இரண்டு பெயர்களையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களே வகுப்பில் சொல்லப்படுவதைச் சொல்லவில்லை என்பது. ஆடம் ஷெவோர்ஸ்கியும் ஹென்றி டியூனும் 1970இல் எழுதிய நூலில்தான் இந்த வகைப்பாடு வருகிறது. மிக ஒத்த அமைப்புகளைப் பற்றி அவர்கள் சொன்னது பாராட்டு அல்ல, எச்சரிக்கை. எவ்வளவு ஒத்த இரண்டு நாடுகளை எடுத்தாலும், மிச்சமிருக்கும் வேற்றுமைகள் கணக்கில் அடங்காதவை, எனவே எந்த ஒன்றையும் காரணம் என்று சுட்ட முடியாது என்றார்கள். மேலே சிமெண்ட், ரயில், சாதி விகிதம் என்று வரிசை போட்டபோது நடந்தது அதுதான். மிக வேறுபட்ட அமைப்புகள் என்று அவர்கள் சொன்னதும், ஒரே விளைவுள்ள வேறுவேறு நாடுகளைச் சேர்த்து வைத்துப் பொதுக் காரணம் தேடுவதை அல்ல. அது ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வகுத்த உடன்பாட்டு முறையின் மறுபதிப்பு. சமூகத்துக்குத் தன் சோதனை முறைகளைப் பொருத்த முடியாது என்று மில்லே அதே நூலில் எழுதிவைத்துவிட்டுப் போனார். ஒன்றைத் தவிர மற்றெல்லாம் ஒத்த இரண்டு தேசங்கள் எங்கே கிடைக்கும் என்பது அவர் கேள்வி.

ஷெவோர்ஸ்கியும் டியூனும் சொன்னது கீழேயிருந்து தொடங்கச் சொல்லித்தான். ஆளையோ குடும்பத்தையோ அலகாக எடு. ஒன்றோடொன்று ஒட்டாத அமைப்புகளிலிருந்து அவர்களைத் திரட்டு. காரணம், விளைவு என்ற உறவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிற்கிறதா பார். நின்றால், எந்த ஊர் என்ற கேள்வியை விட்டுவிடலாம். நிற்காமல் ஓரிடத்தில் உடைந்தால், அங்கேதான் அமைப்பின் வேலை தொடங்குகிறது. ஊர்களின் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காரணிகளின் பெயரை வைப்பதே ஒப்பீட்டின் இலக்கு என்பது அவர்கள் நிலைப்பாடு. பெரம்பலூர், அரியலூர் என்ற பெயர்களையே விளக்கமாக்கிவிடும் இரட்டையர் வாதம் அதற்கு நேர் எதிரானது.

நம்முடைய பத்து ஊராட்சி ஒன்றியங்களில் இதைச் செய்து பார்க்கலாம். கொள்ளிடக் கரைத் திருமானூரையும் பச்சைமலை ஓர வேப்பந்தட்டையையும் எடுத்துக்கொள்வோம். முதல் குழந்தை பெண்ணாக உள்ள வீடுகளில் இரண்டாவது பிரசவத்தின் விகிதம் இரண்டு இடத்திலும் ஒரே அளவு சரிந்திருந்தால், நெல்லா மக்காச்சோளமா என்பதும் எந்த மாவட்டம் என்பதும் தேவையற்ற விவரங்கள். காரணத்தைக் குடும்பத்துக்குள்ளும், அந்தக் குடும்பத்துக்கும் ஸ்கேன் சென்டருக்கும் இடையிலுள்ள பாதையிலும் தேட வேண்டும். திருமானூரில் சரிவும் வேப்பந்தட்டையில் இயல்பும் இருந்தால், அப்போது நிலம், சீதனம், சாலை என்று மேல்மட்டக் காரணங்களுக்குப் போகலாம். மாவட்டக் கோட்டுக்கே ஏதாவது சக்தி உண்டா என்ற கேள்வி இருந்தால், அதற்கு வேப்பூரையும் செந்துறையையும் எடுக்க வேண்டும். அடுத்தடுத்த ஒன்றியங்கள், நடுவே மாவட்ட எல்லை மட்டும். போஸ்னர் செய்ததற்கு இந்தப் பக்கத்தில் கிடைக்கக்கூடிய மிக நெருங்கிய ஒப்பீடு அதுதான், அதிலும் எச்சரிக்கை தேவை. ஓர் ஒன்றியத்தில் ஆறு வயது வரையிலான குழந்தைகள் பதின்மூன்றாயிரம் அளவு என்றால், விகிதம் முப்பது புள்ளி வரை தற்செயலாகவே ஆடும். ஓராண்டுப் பதிவேட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பல ஆண்டுகளைச் சேர்த்தாக வேண்டும்.

இதற்குப் பிறகும் ஒரு தடை மிச்சம். 2011இல் தாழ்ந்த எண்ணோடு நின்ற கடலூர், அரியலூர், பெரம்பலூர் மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. மூன்று மாவட்டங்கள் சரிந்தன, எனவே மூன்று சாட்சிகள் என்று எண்ணுவது தவறாகலாம். ஒரு பஸ் ரூட்டில் ஸ்கேன் வசதி பரவியதின் ஒரே கதையை மூன்று கலெக்டர் அலுவலகங்கள் மூன்று தடவை எழுதியிருக்கலாம். 1888இல் மானிடவியல் அறிஞர் டைலர் பல சமூகங்களின் வழக்கங்களை ஒப்பிட்டு லண்டனில் ஒரு கட்டுரை படித்தபோது, பிரான்சிஸ் கால்டன் எழுந்து கேட்டது இதைத்தான்: இவை தனித்தனிச் சான்றுகளா, அல்லது ஒன்று மற்றதிடமிருந்து கற்றுக்கொண்டதா? அக்கம்பக்கத்து மாவட்டங்களை ஜோடி சேர்ப்பவர் எவரும் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். நெருக்கத்தை அவர்கள் பலமாகக் காட்டுகிறார்கள். ஸ்கேன் சென்டருக்குப் போகும் குடும்பம் மாவட்ட எல்லையில் இறங்கித் திரும்பிப் போவதில்லை என்பதால், அந்த நெருக்கமே பலவீனமும்கூட.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான பதிலும் இருக்கிறது, அதை மறைப்பது சரியாகாது. முனைவர் பட்ட மாணவருக்குக் காசும் காலமும் குறைவு. பத்து மாவட்டம் சுற்ற முடியாது. ஊனமுள்ள ஜோடியாவது கண்மூடித்தனமான தேர்வைவிட மேல் என்பார்கள். ஆஷுதோஷ் வர்ஷ்ணேயின் 2002ஆம் ஆண்டு நூலையும் காட்டுவார்கள். அலிகருக்கு எதிரே கோழிக்கோடு, ஐதராபாத்துக்கு எதிரே லக்னோ, அகமதாபாத்துக்கு எதிரே சூரத் என்று அவர் மூன்று ஜோடி நகரங்களை நிறுத்தி, மதக் கலவரம் நடந்த ஊருக்கும் நடக்காத ஊருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார். ஆனால் அந்த நூலை முன்மாதிரியாகக் காட்டுபவர்கள் அதன் முதல் படியைத் தவிர்த்துவிடுகிறார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஓர் ஊரில் கலவரம் உண்டு, மற்றதில் இல்லை அல்லது மிகக் குறைவு என்பதை அவர் முதலில் உறுதி செய்துகொண்டார். ஜோடி சேர்த்தபோது ஒற்றுமையாகப் பார்த்தது மொழியையோ மண்ணையோ அல்ல, முஸ்லிம் மக்கள்தொகையின் விகிதத்தை. அவருடைய கேள்விக்கு அதுதான் முக்கியம். பிறகு ஊர் ஊராக உட்கார்ந்து, சங்கங்களும் வணிக உறவுகளும் வதந்தியை எப்படித் தடுத்தன என்று காரணத்தின் பாதையைத் தேடினார். பெரம்பலூர், அரியலூர் ஜோடியில் முதல் படியும் இல்லை, இரண்டாவதும் இல்லை. மூன்றாவதாவது இருக்கிறதா என்றால், இரண்டு மாவட்டத்துக்கும் ஒரே வினாத்தாளை நீட்டிச் சதவீதம் கண்டுபிடிப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

காசும் காலமும் குறைவு என்பதும் ஒத்த ஜோடிக்குச் சாதகமான வாதம் ஆகாது. ஒரே ஒன்றியத்துக்குள் முதல் குழந்தை பெண்ணாக உள்ள வீடுகளையும் ஆணாக உள்ள வீடுகளையும் ஒப்பிடுவதற்கு ஒரு மாவட்டத்தின் பஸ் கட்டணம்கூடத் தேவையில்லை. மண், சாதி, சாலை, கலெக்டர் எல்லாமே அங்கே நிஜமாகவே ஒன்று. முதல் குழந்தை என்னவாகப் பிறந்தது என்பது மட்டும், கிட்டத்தட்ட முழுக்கத் தற்செயலாக, வேறு. மிக ஒத்த அமைப்பு வேண்டும் என்பவர்களுக்கு அதைவிட ஒத்தது கிடைக்காது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தலை எண்ணிக்கை 2027க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அரியலூரின் புதிய எண் வெளிவந்ததும் அது ஏறியிருந்தால் ஒரு ஜோடி, இறங்கியிருந்தால் வேறொரு ஜோடி என்று மாதிரி பொறுக்கும் வேலை மறுபடி தொடங்கும். அதற்குமுன் ஆய்வாளர்களிடமும் அவர்களுக்கு வழிகாட்டுபவர்களிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான். 2011இன் எண்களையும் செவிலியர் பதிவேடுகளையும் வைத்து எந்த ஒன்றியங்களை ஒப்பிடப் போகிறீர்கள், அங்கே எது நடந்தால் உங்கள் வாதம் தோற்கும் என்பதை, முடிவு தெரியாத இப்போதே எழுதித் தேதி போட்டுத் துறைத் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள்.